ஆண்டைச் சொல்வது வால்வுதான்

கேள்வி: புறக்கோட்டையில் ஒருவர் பழைய ரேடியோ ஒன்றை 1936ஆம் ஆண்டுப் பெட்டி என்று சொல்லி விற்கிறார். டயலில் கொழும்பு என்று இருக்கிறது. 19, 25, 31 மீற்றர் தனித்தனிக் கோடுகளாக உள்ளன. முன்னால் பொன்னிழைத் துணி. பின்னால் யூசீஎச் 42, யூஎஃப் 41, யூபீசீ 41, யூஎல் 41, யூவை 41 என்று ஐந்து சின்ன வால்வுகள். அவர் சொல்வதை நம்பலாமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: நம்பாதீர்கள். இது 1950ஐ ஒட்டிய பெட்டி.

கொழும்பில் 1925இலேயே ஒலிபரப்பு தொடங்கிவிட்டதால், டயலில் அந்தப் பெயர் இருப்பது எதையும் நிரூபிக்காது. ஆனால் சிற்றலையை 19, 25, 31 மீற்றர் என்று விரித்துக் காட்டும் டயல் போருக்குப் பிறகுதான் பரவலானது. துணியை விட்டுவிடுங்கள். அதைத்தான் வியாபாரிகள் முதலில் மாற்றுகிறார்கள்.

வால்வுகளே சாட்சி. 1936இன் ஐரோப்பிய வால்வுக்கு அடியில் தடித்த பேக்லைட் பாகம் இருக்கும். பலவற்றின் உச்சியில் ஒரு வயர் மாட்டியிருக்கும். உங்களுடையவை விரல் தடிப்பில், முழுக்கக் கண்ணாடியால் ஆனவை. அடிப்பக்க ஓரத்தில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். இந்த ரிம்லாக் வகை 1940களின் கடைசியில்தான் வந்தது. 'யூ' என்று தொடங்கும் வால்வே 1936இல் கிடையாது. விளம்பரத்தில் விருப்பப்பட்ட ஆண்டைப் போடுகிறார்கள்; ஆதாரம் இல்லாமல் இப்படி விற்பது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

ஆண்டை விட முக்கியமானது அந்த 'யூ'. இந்த வால்வுகளின் சூடாக்கும் இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து, ஐந்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 117 வோல்ட் எடுக்கும். நம் 230 வோல்ட்டில் மீதியை ஒரு பெரிய ரெசிஸ்டர் வெப்பமாக விடுகிறது. டிரான்ஸ்போமர் இல்லை. கரண்டின் ஒரு முனை நேரே சேசிஸில், அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்தில் நிற்கும். பிளக்கை மாற்றிச் செருகினால், குமிழின் சின்னத் திருகாணியைத் தொட்டாலே உயிர் போகலாம். "லைட் எரியுது பாருங்க" என்று கடையில் போட்டுக் காட்டுவார்கள், அப்போது தொடாதீர்கள்.

'ஈ' என்று தொடங்கும் வால்வுகள் என்றால் வழக்கமாக டிரான்ஸ்போமர் இருக்கும், பயம் குறைவு. ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்கிறேன். சில பெட்டிகளில் இருப்பது ஓட்டோ டிரான்ஸ்போமர். அதில் கம்பிச் சுருள் ஒன்றுதான். கரண்டையும் சேசிஸையும் அது பிரிக்காது. கண்ணால் பார்த்தால் சாதாரண டிரான்ஸ்போமர் போலவே தெரியும், "டிரான்ஸ்போமர் இருக்கு, பயமில்லை" என்று வியாபாரியும் சொல்வார். ஆகவே பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, ரேடியோவின் சுவிட்சை மட்டும் போட்டுவிட்டு, பிளக்கின் ஒவ்வொரு முனைக்கும் சேசிஸுக்கும் இடையே மல்ரிமீற்றரால் பார்க்கும்படி திருத்துநரிடம் சொல்லுங்கள். ஏதாவது ஒரு முனையில் சில ஓம் மட்டுமே காட்டினால், 'ஈ' ஆனாலும் 'யூ' ஆனாலும் சேசிஸில் கரண்ட் உண்டு. அந்தச் சோதனைக்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.