குடோனில் விடுபட்ட சரக்கு

"ஜவுளிக்கடை. மார்ச் 31 ஸ்டாக் எடுத்தப்போ குடோன்ல பிரிக்காத 80,000 ரூபாய் பண்டல்களை எண்ணாம விட்டுட்டோம். ரிட்டர்னும் போட்டாச்சு. அடுத்த வருஷம் தானா சரியாகிடும்னு அண்ணன் சொல்றார். உண்மையா?"

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி, சார். விற்ற சரக்கின் அடக்கம் என்பது ஆரம்ப இருப்பும் கொள்முதலும் சேர்ந்த தொகையில் இறுதி இருப்பைக் கழித்தது. ஆரம்ப இருப்பு 4 லட்சம், கொள்முதல் 24 லட்சம், விற்பனை 27.5 லட்சம் என்று வையுங்கள். உண்மை இருப்பு 6 லட்சம் என்றால் அடக்கம் 22 லட்சம், மொத்த லாபம் 5.5 லட்சம். நீங்கள் 5.2 லட்சம் காட்டியதால் அடக்கம் 22.8 ஆகி, லாபம் 4.7 லட்சமாகிறது. பண்டலின் பில் கொள்முதலில் ஏறியிருக்கிறது, சரக்கு இருப்பில் இல்லை. அதனால் அது விற்றுப்போனதாகவே கணக்கு எடுத்துக்கொள்கிறது.

இதே 5.2 லட்சம் அடுத்த ஆண்டின் ஆரம்ப இருப்பாவதால் அப்போது லாபம் 80,000 கூடும். ஆனால் வரி ஆண்டுக்கு ஆண்டு தனி. இந்த ஆண்டுக்கான வரி குறைந்தது குறைந்ததுதான், அதற்கு வட்டியும் வரலாம். லாப விகிதம் 20 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்கி, மறு ஆண்டு ஏறுவது விசாரிப்பவர் கண்ணில் முதலில் படும்.

கெடு இருக்கும்போதே திருத்திய ரிட்டர்ன் போடுங்கள். பண்டல்களை விற்பனை விலையில் அல்ல, வாங்கிய விலையில் சேருங்கள். பில், குடோன் வரவுச் சீட்டு இரண்டையும் எடுத்து வையுங்கள்.