இயர்போன் கழற்றியும் குறி போகவில்லையா? ஹட்டனில் போன் திருத்துபவரின் பதில்கள்

கொட்டகலை: "இயர்போன் போடவே இல்லை, மேலே ஹெட்போன் குறி நிற்குது. கோல் எடுத்தா ஒன்றும் கேட்கல, ஸ்பீக்கரில் போட்டா மட்டும் கேட்குது. காதுல வைக்கிற ஸ்பீக்கர் போயிட்டுதா?"

பெரும்பாலும் இல்லை. செருகாத இயர்போனுக்குத்தான் சத்தம் போய்க்கொண்டிருக்கிறது. இயர்போன் துளைக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கும். பல போன்களில் இயர்போனைச் செருகும்போது அது விலகும், எடுத்ததும் திரும்பி ஒட்டிக்கொள்ளும். சேட் பையிலும் ஸ்வெட்டர் பையிலும் உள்ள நூல் பிசிறு துளைக்குள் விழுகிறது. நீங்கள் இயர்போனைச் செருகும் ஒவ்வொரு முறையும் அதை அடியில் தள்ளி இறுக்கிவிடுகிறீர்கள். கடைசியில் அது தகட்டை ஒட்டவிடாமல் இடையில் நிற்கும், இயர்போன் உள்ளே இருக்கிறது என்று போன் நினைத்துக்கொள்ளும்.

பஞ்சுதானா என்று பார்க்க, இயர்போனை முழுதாகச் செருகிப் பாருங்கள். முன்பு போல 'டக்' என்று உட்காராமல் ஒரு மில்லிமீட்டராவது வெளியே நின்றால் அடியில் அடைப்பு இருக்கிறது. இயர்போன் இல்லாமல் திறக்காத எஃப்.எம். ரேடியோ உங்கள் போனில் இருந்தால் அதையும் வெறும் போனில் திறந்து பாருங்கள். இயர்போன் வயரையே ஏரியலாக எடுக்கும் அந்த ரேடியோ மறுப்பில்லாமல் திறந்தால், போன் ஏமாந்துதான் இருக்கிறது. ஒருமுறை அணைத்துப் போட்டும் பாருங்கள். அதில் குறி போய், பிறகு வராவிட்டால் துளையை நோண்டத் தேவையில்லை.

தலவாக்கலை: "வாயால நல்லா ஊதினா போயிடும். நான் எப்பவும் அப்படித்தான்."

பாதி சரி. மேலே கிடக்கும் தூசி ஊதினால் பறக்கும். ஆனால் அடியில் அமுங்கிய பஞ்சு அசையாது, எச்சில் ஈரம் வேறு அதில் ஊறும். உங்களுக்கு எப்பவும் ஊத வேண்டியிருப்பதே அடைப்பு உள்ளேயே இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

போனை அணைத்து, துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து, டோர்ச் வெளிச்சத்தில் செய்யுங்கள். மரப் பல்குச்சியின் முனையைச் சற்று தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். ஊசிமுனையாக விட்டால் உள்ளே ஒடிந்துவிடும். நடுவில் குத்தாமல் சுவரோரமாக உள்ளே விட்டு, மெல்லச் சுற்றி, வெளிப்பக்கமாக இழுங்கள். முதலில் ஒன்றும் வராது. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு சிறு உருண்டை, வில்லை மாதிரி அமுங்கியது, குச்சியோடு வெளியே வரும். அதன்பின் இயர்போனை நாலைந்து தடவை செருகி எடுங்கள்.

குண்டூசியும் சேப்டி பின்னும் வேண்டாம். பக்கத்துத் தகடுகள் வளைந்துவிட்டால் சுத்தம் செய்து பயனில்லை, சொக்கெட்டையே மாற்ற வேண்டும். என்னிடம் வரும் போன்களில் பஞ்சு கெடுத்ததைவிட ஊசி கெடுத்தது அதிகம் என்றுகூடச் சொல்வேன்.

நுவரெலியா: "எனக்குக் காலையில் மட்டும்தான் வருது. வெயில் ஏறினா தானா போயிடுது. பேய்தானோ?"

பேயில்லை, பனி. சில போன்களில் ஏற்பாடு நேர்மாறானது: இயர்போன் உள்ளே போனால்தான் இரண்டு தகடுகளுக்கு இடையே மின் இணைப்பு ஏற்படும். அங்கே காய்ந்த பஞ்சு சும்மா கிடக்கும், ஈரம் குடித்த பஞ்சு மின்சாரத்தைக் கடத்தும். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது துளைக்குள் நீர் துளிர்ப்பதும் உண்டு. பஞ்சை எடுத்துவிட்டு, உலர்ந்த இடத்தில் துளை கீழே பார்க்க ஓர் இரவு வையுங்கள். அடுப்பு மேலும் வேண்டாம், அரிசிக்குள்ளும் வேண்டாம். உள்ளே பச்சையாகப் படிந்திருந்தால் அது களிம்பு, குச்சியால் சுரண்டாமல் கடையில் காட்டுங்கள்.

பண்டாரவளை: "என் போனில் அந்த ஓட்டையே இல்லை, சின்ன புளூடூத் இயர்போன்தான். எனக்கும் கோலில் சத்தம் வரல. எங்கே குத்துறது?"

எங்கேயும் குத்தாதீர்கள்! புளூடூத்தை அணைத்துவிட்டு ஒரு கோல் எடுங்கள். சத்தம் வந்தால், வீட்டுக்குள் கிடக்கும் அந்த இயர்போனோடுதான் போன் இன்னும் சேர்ந்திருக்கிறது.

ஹப்புத்தளை: "தேயிலை ஃபெக்டரியில் வேலை. நீங்க சொன்ன மாதிரியே எடுத்தேன், தேயிலைத் தூளும் நாருமா வந்துச்சு. குறி போயிட்டு. ஆனா இயர்போன்ல பாட்டு கேட்டா தானா நிற்குது, தானா ஓடுது."

இயர்போன் வயரில் உள்ள பட்டனை அழுத்தினால் மைக் கம்பி பூமிக் கம்பியோடு தொடும். அதைத்தான் போன் 'நிறுத்து' என்று எடுத்துக்கொள்கிறது. துளைக்குள் மிச்சத் தூள் இருந்தாலும், தகடு கொஞ்சம் வளைந்திருந்தாலும், இயர்போனின் பட்டனே பழுதாகியிருந்தாலும் இதே கூத்து நடக்கும். முதலில் வேறு இயர்போன் போட்டுப் பாருங்கள். அதிலும் நின்றால் சொக்கெட்தான். சில போன்களில் அது சார்ஜ் துளையோடு ஒரே சின்னப் போர்டில் இருக்கும், மாற்றுவது லேசு. சிலவற்றில் பிரதான போர்டில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கும், வேலை கூடும். உங்களுடையது எந்த வகை என்று திறந்து பார்க்காமல் கூலி சொல்ல மாட்டேன்.

ஹப்புத்தளை: "வேறு இயர்போன்லயும் நிற்குது, ஆனா குறைவா."

அப்படியென்றால் இரண்டிலும் கொஞ்சம் கோளாறு இருக்கலாம். போனைக் கொண்டு வாங்க, பழைய இயர்போனையும் சேர்த்து.