“என்னைத் தெரியலையா தம்பி?” – வலிய வந்து பழகுபவருக்கு என்ன பதில் சொல்வது

காந்திபுரத்தில் படிக்கும் மாணவர்: டவுன் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் தோள்ல கையப் போட்டு, “என்ன தம்பி, என்னைத் தெரியலையா? அப்பா சௌக்கியமா?”ன்னாருங்க. யாருன்னே தெரியல. வெடுக்குனு பேசவும் மனசு வரல.

பதில்: நம்ம பக்கம் “எந்த ஊருங்க, யாரு வூட்டுப் பையன்?” என்று கேட்பது சாதாரணம். அதை வைத்தே ஒருத்தரைச் சந்தேகப்பட வேண்டாம். அவர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று மட்டும் பாருங்கள். நிஜமாகவே தெரிந்தவர், நீங்கள் முழிப்பதைப் பார்த்ததும் “நான் கோபிங்க, உங்கப்பாகூட மில்லுல இருந்தேன்” என்று தானே சொல்லிவிடுவார். மற்றவர் உங்கள் வாயைத்தான் கிளறுவார்: “நல்லா யோசிச்சுப் பாரு, போன வருசம் விசேசத்துல பாத்தமே!” சங்கடத்தில் நீங்கள் “பொள்ளாச்சி மாமாங்களா?” என்று கேட்டுவிட்டால், அந்த நொடியே அவர் பொள்ளாச்சி மாமா ஆகிவிடுவார். அடுத்து “அத்தைக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்கு வந்தேன், பர்ஸ் தொலஞ்சுபோச்சு” என்று பேச்சு பணத்துக்கு வரும். அவருக்குத் தேவையான உறவை நீங்களே எடுத்துக் கொடுத்ததால், இல்லை என்று சொல்ல அப்போது நாக்கு எழாது.

அதனால் ஊர், பேர், உறவு எதையும் நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். ஓரடி பின்னால் நகர்ந்தாலே தோளில் இருக்கும் கை நழுவிவிடும். பிறகு, “தெரியலீங்க. நீங்க எந்த ஊருங்க? பேரைச் சொல்லுங்க, அப்பாவுக்குப் போன் போட்டுத் தரேன்.” உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் அப்பா நம்பரை நீங்களே அழுத்தி ஸ்பீக்கரில் போடுங்கள். அவர் சொல்லும் நம்பருக்குக் கூப்பிட்டால், எதிர்முனையில் அவர் ஆளே இருக்கலாம். தெரிந்தவர் என்றால் அப்பாவிடம் பேசக் கிடைத்ததே என்று சந்தோசப்படுவார். இல்லாதவருக்குப் பெரும்பாலும் அப்போதுதான் பஸ் ஞாபகம் வரும்.

ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா: எதுக்கு இத்தனை பேச்சு? காது கேக்காத மாதிரி நடையக் கட்டுனா முடிஞ்சுது.

பதில்: நடந்து போகும்போது அது சரிதானுங்க. பஸ்ஸுக்காக ஒரே இடத்தில் நிற்கும்போதுதான் எடுபடாது. பெண் பிள்ளைகள் பேசாமல் நின்றால் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒட்டுவான். பக்கத்தில் நிற்பவர்களும் இரண்டு பேரும் தெரிந்தவர்கள் என்றே நினைத்துக்கொள்வார்கள். “போடா” என்று கத்தினாலும் அதே சிக்கல்தான், வீட்டுச் சண்டை என்று ஒதுங்கிப் போய்விடுவார்கள். நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, “நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. பேச விருப்பமில்லைங்க, போங்க” என்று ஒரே தடவை சொல்ல வேண்டும். அந்த ‘ங்க’ போட்டுச் சொன்னாலே அவன் வெளியாள் என்று சுற்றி நிற்பவர்களுக்குப் புரிந்துவிடும். சிரித்துக்கொண்டே சொல்லக் கூடாது, காரணமும் சொல்லக் கூடாது. “கிளாசுக்கு நேரமாச்சு” என்றால் “நான் கொண்டுபோய் விடறேன்” என்பான். விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பப் பின்னால் வந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவின்படி அது குற்றம். கூட்டமுள்ள கடைக்குள் போய் நின்று 112க்கோ, பெண்கள் உதவி எண் 181க்கோ கூப்பிடுங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஊழியர்: எனக்கும் தெரியாத நம்பர்ல இருந்து தினமும் குட்மார்னிங் வருதுங்க. பதில் போடலாமுங்களா?

பதில்: போட வேண்டாம், பிளாக் செய்துவிடுங்கள். இங்கே பேச்சு நேரில் வந்து நிற்பவரைப் பற்றி.

சூலூர்க்காரர்: நல்லாப் பேசிட்டே இருந்துட்டு, “ஒரு நிமிசம் போன் குடுங்க, வூட்டுக்குச் சொல்லணும்”னா? பாவமாவும் இருக்குமே.

பதில்: உதவி செய்யுங்கள், ஆனால் போன் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. “நம்பரைச் சொல்லுங்க, நான் போடறேனுங்க” என்று சொல்லி, ஸ்பீக்கரில் வைத்து நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். திறந்த போனைக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு ஓடுவது மட்டுமல்ல, ஓடிபி, பணம் அனுப்பும் செயலி எல்லாமே அதில்தான் இருக்கிறது. வீட்டுக்குச் சேதி சொல்ல மட்டும் வந்தவருக்கு ஸ்பீக்கரே போதும். “தனியாப் பேசணும்” என்று போனை வாங்கவே பார்த்தால், “அது முடியாதுங்க” என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

பொள்ளாச்சிப் பெரியவர்: இப்பிடியே பேசுனா நெசமான சொந்தக்காரங்க மனசு நோகாதா? என்ற பேரன் “நீங்க யாருங்க?”ன்னு கேட்டான்னு என்ற பங்காளி ஆறு மாசமாப் பேசறதில்லீங்க.

பதில்: நோகத்தானுங்க செய்யும், அதற்கு முழு மருந்து கிடையாது. “நீங்க யாருங்க?” என்பதை “அப்பாகிட்ட யாரு வந்தாங்கன்னு சொல்லட்டுங்க?” என்று மாற்றிக் கேட்டால் கொஞ்சம் இதமாக இருக்கும், கேட்க வேண்டியதையும் கேட்டது போலாகும். அப்படியும் கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. உங்கள் பங்காளியிடம் பேரனைக் கூட்டிப் போய் நீங்களே ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.