பட்டப்பெயருக்கு எழும் கைதட்டல்

வணக்கம் ஐயா. தேர்தல் காலத்தில் திருகோணமலை நகரில் நடந்த ஒரு பிரசாரக் கூட்டத்துக்குப் பெரியப்பாவுடன் போயிருந்தேன். பேச்சாளர் எதிர் வேட்பாளரின் ஊனமுற்ற காலை வைத்து ஒரு பட்டப்பெயர் சொன்னார். சனம் விசிலடித்தது. ஒருவரையும் நோகப் பேசாத பெரியப்பாவும் சிரித்துக் கைதட்டினார். எனக்கு அது கொடூரமாகப் பட்டது. நல்ல மனிதர்களும் ஏன் இதற்குக் கைதட்டுகிறார்கள்?
வாசகி, நிலாவெளி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கைதட்டலை வைத்துப் பெரியப்பாவின் மனதை எடைபோட வேண்டாம். கூட்டத்தில் தனியாகக் கைதட்ட எவருக்கும் கூச்சம். பக்கத்தில் இருப்பவரும் அதே நொடியில் தட்டுவார் என்று தெரிந்தால்தான் கை எழும். பிரித்தானிய அரசியல் பேச்சுகளின் ஒலிப்பதிவுகளை 1980களில் நுணுக்கமாக ஆராய்ந்த மேக்ஸ் அட்கின்சன், கைதட்டல் பெரும்பாலும் வாக்கியம் முடியும் கணத்திலேயே, சிலவேளை அதற்குச் சற்று முன்பே தொடங்கி, ஏறத்தாழ 8 விநாடிகள் நீடிக்கிறது என்று காட்டினார். கேட்டு, யோசித்து, ஒப்புக்கொண்டு தட்டுவதற்கு அங்கே நேரமே இல்லை. வாக்கியம் எங்கே முடியும் என்பதைக் கூட்டம் முன்கூட்டியே அறியும்படி பேசுகிறவருக்குத்தான் கைதட்டல் கிடைக்கிறது. பட்டப்பெயர் அந்த வேலையை மிகச் சுலபமாகச் செய்துவிடுகிறது. முதற்கூட்டத்தில் விளக்கம் தேவைப்பட்ட பெயரைச் சில கூட்டங்களுக்குப் பிறகு பேச்சாளர் பாதியில் நிறுத்தி, ஒலிவாங்கியைச் சனத்தின் பக்கம் நீட்டுவார். மீதியைச் சனமே சொல்லி முடிக்கும். தாங்களே சொல்லி முடித்த சொல்லுக்குக் கைதட்டாமல் எப்படி இருப்பார்கள்?

ஆனாலும் எல்லாப் பட்டப்பெயர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 1952இல் டி. எஸ். சேனநாயக்க இறந்ததும் மகன் டட்லியும், அடுத்த ஆண்டு உறவினரான சேர் ஜோன் கொத்தலாவலயும் பிரதமராக வந்த ஐக்கிய தேசியக் கட்சியை, எதிரணியினர் அதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டே ‘மாமன் மருமகன் கட்சி’ என்றார்கள். அது சுடும் கேலிதான். ஆனால் அதற்குள் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. பதவி ஏன் ஒரே குடும்பத்துக்குள் சுற்றுகிறது என்று கேட்டது. கட்சியினர் விரும்பினால் அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். எட்டாத உயரத்தில் இருக்கும் அதிகாரத்தைக் கேலி செய்யும்போது எளிய மனிதருக்குக் கிடைக்கும் ஆறுதலை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

அதே டட்லியின் மீது பின்னர் வீசப்பட்ட ஒரு வரியைப் பாருங்கள். 1965 மார்ச்சில் அவர் செல்வநாயகத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டு, தமிழரசுக் கட்சியின் ஆதரவோடு ஆட்சி அமைத்தார். தமிழின் பயன்பாட்டுக்கான ஒழுங்குவிதிகள் 1966 ஜனவரி 8ஆம் திகதி நாடாளுமன்றத்துக்கு வந்தபோது கொழும்பில் எதிர்ப்பு ஊர்வலம் எழுந்தது; பொலிஸார் சுட்டதில் ஒரு பிக்கு இறந்தார்; அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அந்த நாட்களின் கோஷம்தான் ‘டட்லிகே படே மசால வடே’, அதாவது டட்லியின் வயிற்றில் மசாலா வடை. படே, வடே என்ற எதுகை போதும். ஒருமுறை கேட்ட பிள்ளைகூடத் திருப்பிச் சொல்லும். ஒழுங்குவிதிகளில் எது பிழை என்று அந்த வரி சொல்லவில்லை. தமிழருடையது என்று கருதப்பட்ட ஒரு பலகாரத்தை அவர் வயிற்றுக்குள் வைத்ததோடு வாதம் முடிந்துவிட்டது. பெயர் டட்லியுடையது, அடி விழுந்தது நம்மீது. என்னை இன்றுவரை வருத்துவது, அந்த ஊர்வலத்தில் இடதுசாரிகளும் நடந்தார்கள் என்பதே. பத்து ஆண்டுகளுக்கு முன்னர் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து கேட்டு, அதற்காகக் கல்லெறி வாங்கிய கட்சியினரும் அவர்களில் இருந்தார்கள். தமிழரை வெறுத்துத்தான் அவர்கள் எல்லோரும் கத்தினார்கள் என்று நான் நம்பவில்லை. எதுகை அழைத்தது, பக்கத்திலிருந்தவர் கத்தினார், அவர்களும் கத்தினார்கள்.

அதன்பின் நடந்ததை நம்மூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கோணேசர் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அமைச்சர் திருச்செல்வம் அமைத்த குழுவை 1968இல் டட்லி நிறுத்தினார். திருச்செல்வம் பதவி விலகினார். மாவட்ட சபைச் சட்டமூலமும் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. ஒரு கோஷம்தான் இதையெல்லாம் செய்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் தமிழருக்கு எதைக் கொடுத்தாலும் அதை வடை என்று சிரிக்கப் பழகிய ஒரு கூட்டத்தின் முன்னால்தான் டட்லி முடிவெடுக்க வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்ட பட்டப்பெயரையும் இப்படித்தான் பார்க்கிறேன். அந்த வேட்பாளர் செய்த எதையும் அது சொல்லவில்லை; அவரால் மாற்ற முடியாத காலைச் சொன்னது. நம் மாவட்டத்தில் போரில் கால் இழந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவராவது அன்று அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார், அதே கட்சிக்கு வாக்களிக்க வந்தவராகவும் இருந்திருப்பார். பெரியப்பாவோடு வாதம் செய்ய வேண்டாம். அன்று கூட்டத்தில் கால் இழந்த யாராவது நின்றார்களா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். நீங்கள் சொல்வதைப் போன்ற மனிதர் என்றால், அடுத்த கூட்டத்தில் அவர் கைதட்டுவதற்கு முன் சுற்றிப் பார்ப்பார்.

அன்புடன்.