சந்தாவை ரத்து செய்த பிறகு, நம் தரவில் எதை அவர்கள் வைத்துக்கொள்ளலாம்?

கேள்வி: ஒரு உடற்பயிற்சிச் செயலிக்கு இரண்டு வருடம் சந்தா கட்டினேன். போன மாதம் ரத்து செய்துவிட்டு, என்னைப் பற்றிய எல்லாத் தகவலையும் அழிக்கச் சொல்லி மெயில் போட்டேன். "சட்டப்படி சில தரவுகளை நாங்கள் வைத்திருக்க வேண்டியுள்ளது" என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. என் எடை, முட்டி வலி பற்றிய குறிப்பு, படங்கள் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. இனி என்ன செய்யலாம்?

பதில்: அந்த ஒரு வரி பதிலே ஆகாது. எந்தத் தரவை, எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு காலத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்ற மூன்றும் அதில் இல்லை. அதைத்தான் நீங்கள் அடுத்த கடிதத்தில் கேட்க வேண்டும்.

சந்தாவை ரத்து செய்வது வேறு, தரவை அழிக்கச் சொல்வது வேறு. ரத்து செய்தால் பணம் எடுப்பது மட்டும் நிற்கும். கணக்கு அப்படியே இருக்கும். போனின் ஆப் ஸ்டோர் வழியாக ரத்து செய்திருந்தாலும் இதே கதைதான். நீங்கள் தனியாக அழிக்கச் சொன்னது சரியான வேலை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அதாவது ஜிடிபிஆர், 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ளது. அதன் 17-ஆவது பிரிவு தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. பல நாட்டுச் சட்டங்களின் போக்கும் இதுதான் என்பதால் அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், தரவை வைத்திருக்கும்படி வேறு சட்டம் சொல்லாதவரை அழிக்கக் கேட்கும் உரிமை இருக்கிறது. அது படிப்படியாக அமலுக்கு வருகிறது. உங்களுக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை, செயலியின் தனியுரிமைக் கொள்கையில் நிறுவனத்தின் முகவரியையும் உங்கள் நாட்டுப் பயனர்களுக்கான பகுதியையும் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு நிறுவனத்திடம் "உங்கள் தரவு" என்று ஒரே மூட்டை கிடையாது. உங்கள் பெயரே நாலு இடத்தில், நாலு காரணத்துக்காக இருக்கும். சட்டம் ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஒரு இடத்தில் வைத்திருக்க அனுமதி உண்டு என்பதற்காக, மற்ற மூன்று இடங்களிலும் வைத்திருக்க முடியாது. உங்களுக்கு வந்த பதில் இந்த நாலையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

உங்கள் விஷயத்திலேயே பார்ப்போம். நீங்கள் கட்டிய ஒவ்வொரு சந்தாவுக்கும் ஒரு ரசீது இருக்கும். பெயர், முகவரி, தேதி, தொகை ஆகியவை அதில் இருக்கும். வரிச் சட்டம் இதைச் சில ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. பிரிட்டனில் பொதுவாக 6 ஆண்டு, பிரான்சில் கணக்கு ஆவணங்களுக்கு 10 ஆண்டு. இதை அழிக்கச் சொல்லி நீங்கள் வற்புறுத்த முடியாது. ஆனால் வரி அதிகாரிக்கு உங்கள் எடை தேவையில்லை. ரசீதைக் காரணம் காட்டி உடல்நலக் குறிப்பை வைத்திருந்தால், அது சட்டத்தின் பாதுகாப்புக்குள் வராது. ரசீதில் உள்ள முகவரியை எடுத்து உங்களுக்கு விளம்பரம் அனுப்பவும் கூடாது.

எடை, முட்டி வலி, படங்கள் ஆகியவற்றில் உங்கள் நிலை வலுவானது. உடல்நலத் தகவல் தனிப் பாதுகாப்புள்ள வகை. இப்படிப்பட்ட செயலிகள் பெரும்பாலும் உங்கள் வெளிப்படையான சம்மதத்தின் பேரில்தான் அதை வைத்திருக்கும். அதனால் "அழியுங்கள்" என்று மட்டும் எழுதாமல், "என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்றும் எழுதுங்கள். அந்த வரி வந்ததும் அவர்கள் வேறு சட்ட அடிப்படையைக் காட்ட வேண்டும். சாதாரணமாக அவர்களிடம் அது இருக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சட்டப்படி உரிமை கோருவதற்கோ, எதிர்வாதம் செய்வதற்கோ தேவையானதை வைத்துக்கொள்ளலாம். அவர்களுடைய பயிற்சியால்தான் முட்டி வலி வந்தது என்று நீங்கள் புகார் கொடுத்திருந்தால் அந்தக் கடிதப் போக்குவரத்தை வைத்திருப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. பாக்கிப் பணம் இருந்தாலும் அப்படித்தான். எந்தத் தகராறும் இல்லாதபோது, "நாளைக்கு ஏதாவது வழக்கு வரலாம்" என்று எல்லாவற்றையும் பிடித்து வைப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விளம்பர மெயில் பற்றி ஒரு விஷயம் பலரையும் குழப்பும். உங்கள் மெயில் முகவரியை முழுதாக அழித்துவிட்டால், நாளை வேறு எங்கிருந்தோ வாங்கிய பட்டியலில் அது வந்து சேரும்போது, "இவருக்கு அனுப்பாதே" என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அனுப்பக் கூடாதவர்களின் பட்டியல் ஒன்றில் அந்த முகவரியை மட்டும் வைத்திருப்பது வழக்கம். நான் தரவுப் பாதுகாப்பு வேலையில் இருந்த வருடங்களில் இதற்காக நிறையக் கோபக் கடிதங்களைப் படித்திருக்கிறேன். அந்த ஒரு முகவரியை விட்டுவிடுங்கள், அது உங்களுக்கே நல்லது.

காப்புப் பிரதிகள் அடுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் அழித்த உடனே காப்புப் பிரதியிலும் போய்விடாது. புதிய பிரதிகள் எழுதப்படும்போது பழையவை தானாக அழியும்; அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அதுவரை அதை வேறெதற்கும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. எத்தனை நாள் சுழற்சி என்று கேளுங்கள்.

"பெயரை எடுத்துவிட்டு ஆய்வுக்கு வைத்திருக்கிறோம்" என்று சொல்வதும் உண்டு. பெயருக்குப் பதில் ஒரு எண் போட்டு, அந்த எண் யார் என்று கண்டுபிடிக்க வழி இருந்தால், அது இன்னும் உங்கள் தரவுதான். யாராலும் உங்களை அடையாளம் காண முடியாத மொத்தக் கணக்காக மாறியிருந்தால் மட்டுமே சட்டத்தின் எல்லைக்கு வெளியே போகும்.

சரி, இப்போது அந்தக் கடிதம். கணக்கைத் தொடங்கிய அதே மெயிலிலிருந்து, தனியுரிமைக் கொள்கையில் உள்ள முகவரிக்கு அனுப்புங்கள். அதற்கு முன் உங்களுக்கு வேண்டிய ரசீதுகளையும் படங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. இவ்வளவு போதும்:

"இந்த மெயில் முகவரியில் உள்ள என் கணக்கு தொடர்பாக எழுதுகிறேன். என் தரவைப் பயன்படுத்தத் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். எடை, உடல்நலக் குறிப்பு, படங்கள், பயன்பாட்டுப் பதிவுகள் ஆகியவற்றை அழிக்கக் கோருகிறேன். நேரடி விளம்பரத்துக்கும் ஆட்சேபம் தெரிவிக்கிறேன். எதையாவது வைத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் சட்டக் காரணத்தையும் காலத்தையும் எழுதுங்கள். என் தரவை வேறு யாருக்காவது கொடுத்திருந்தால், அவர்களுக்கும் இதைத் தெரிவித்து, அவர்கள் யார் என்று எனக்குச் சொல்லுங்கள்."

இதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. ஜிடிபிஆர்படி ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை முதல் மாதத்துக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள்தானா என்று சந்தேகம் வந்தால் சரிபார்க்கக் கேட்கலாம். கணக்குக்குள் நுழைந்து காட்டினாலே போதும் என்கிற இடத்தில் பாஸ்போர்ட் நகல் கேட்டால், அது ஏன் தேவை என்று திருப்பிக் கேளுங்கள். அழிக்கச் சொல்லப் போய் இன்னொரு ஆவணத்தைக் கொடுத்துவிட்டு வருவது கொடுமை.

"அழித்துவிட்டோம்" என்று பதில் வந்த பிறகு, பலர் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற பட்டனை அழுத்திச் சோதிப்பார்கள். அது நம்பகமான சோதனை இல்லை. பாதுகாப்புக் கருதி, கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே செய்தியைக் காட்டும் தளங்கள் நிறைய. ஒரு மாதம் கழித்து, "என்னைப் பற்றி இப்போது உங்களிடம் என்ன தரவு இருக்கிறது, நகல் தாருங்கள்" என்று தனியாக ஒரு கோரிக்கை அனுப்புங்கள். ரசீதுகளும் தடுப்புப் பட்டியலில் உள்ள மெயில் முகவரியும் உங்கள் கோரிக்கைக் கடிதங்களும் மட்டும் திரும்பி வந்தால் வேலை முடிந்தது. முட்டி வலிக் குறிப்பும் சேர்ந்து வந்தால், அந்தப் பதிலையும் உங்கள் முந்தைய கடிதங்களையும் இணைத்து, உங்கள் நாட்டின் தரவுப் பாதுகாப்பு அமைப்பிடம் புகார் கொடுங்கள்.