கெஸ்ட்டைச் சேமித்து வைப்பதா, ஷட் டவுன் செய்வதா?

உங்கள் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில், உள்ளே ஓடும் அந்தக் கெஸ்ட்டின் ஜன்னலை மூடப் போனால் மூன்று வழிகள் காட்டும்: Save the machine state, Send the shutdown signal, Power off the machine. மூன்றாவது, ஓடும் கணினியின் பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். கெஸ்ட் உறைந்துபோனால் தவிர அதைத் தொட வேண்டாம். வந்திருக்கும் கேள்விகள் எல்லாம் முதல் இரண்டைப் பற்றியவை.

கேள்வி: என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். கெஸ்ட்டுக்கு 4 ஜிபி கொடுத்திருக்கிறேன். நிலையைச் சேமித்த பிறகும் அந்த 4 ஜிபியை அது பிடித்துவைத்திருக்குமா?

இல்லை. சேமிக்கும்போது கெஸ்ட்டின் ரேமில் இருந்தது டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதப்படுகிறது. எழுதி முடிந்ததும் அந்த மெஷினை ஓட்டிய புரோக்ராமே மூடப்பட்டுவிடும். ஹோஸ்ட்டுக்கு, அதாவது உங்கள் லேப்டாப்புக்கு, ரேம் முழுவதும் திரும்பக் கிடைத்துவிடும். இந்த வகையில் ஷட் டவுனுக்கும் இதற்கும் வித்தியாசமே கிடையாது.

நீங்கள் Pause-ஐ மனதில் வைத்துக் கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. அது வேறு. அதில் கெஸ்ட்டின் பிராசசர் மட்டும்தான் நிற்கும், ரேம் அப்படியே பிடிபட்டிருக்கும். ஹோஸ்ட்டில் இடம் வேண்டும் என்பதற்காக Pause அழுத்துவதில் பயனில்லை.

கேள்வி: சேமித்ததும் டிஸ்க்கில் 3 ஜிபிக்கு மேல் காணாமல் போகிறது. மறுநாள் சேமித்தால் அளவு வேறு. ஏன் இப்படி? குறைக்க வழி உண்டா?

அந்தக் கோப்பு மெஷினின் ஃபோல்டருக்குள் Snapshots என்ற உள்ஃபோல்டரில், .sav என்ற முடிவோடு இருக்கும். லினக்ஸ் ஹோஸ்ட்டில், கெஸ்ட்டின் பெயர் Ubuntu என்றால், இப்படிப் பார்க்கலாம்:

```
VBoxManage controlvm "Ubuntu" savestate
ls -lh ~/"VirtualBox VMs/Ubuntu/Snapshots/"
```

கெஸ்ட் இதுவரை தொடாத ரேம் பக்கங்களும் வெறும் பூஜ்யமாக இருக்கும் பக்கங்களும் கோப்பில் இடம் பிடிப்பதில்லை. மீதி சுருக்கப்பட்டு எழுதப்படும். ஆகவே 4 ஜிபி கெஸ்ட்டைத் தொடங்கியதும் சேமித்தால் கோப்பு சிறியதாக இருக்கும். நாள் முழுவதும் பிரவுசரும் கம்பைலரும் ஓட்டிவிட்டுச் சேமித்தால் 4 ஜிபியை நெருங்கலாம். உங்களுடைய அளவு நாளுக்கு நாள் மாறுவது இதனால்தான்.

கெஸ்ட்டுக்குள் எல்லா புரோக்ராமையும் மூடினால் கோப்பு இளைக்குமே என்று பலரும் நினைப்பார்கள். பெரிதாக இளைக்காது. லினக்ஸில் கேஷைக் காலி செய்தாலும் அப்படித்தான். கெஸ்ட் ஒரு பக்கத்தை விடுவிக்கும்போது அதைத் துடைப்பதில்லை. பயன்படுத்தலாம் என்று குறித்துக்கொள்வதோடு சரி. பழைய எழுத்துகள் அங்கேயே கிடக்கும். வெளியே இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு அது குப்பை என்று தெரியாது, அதையும் சேர்த்தே எழுதும். உண்மையில் பலன் தருபவை இரண்டுதான்: கெஸ்ட்டுக்குத் தேவைக்கு மேல் ரேம் ஒதுக்காமல் இருப்பது, அவ்வப்போது முழுதாக ஷட் டவுன் செய்து புதிதாகத் தொடங்குவது.

ஆகவே டிஸ்க்கில் கெஸ்ட்டின் ரேம் அளவுக்காவது இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும். 2 ஜிபிதான் மிச்சம் என்றால், சேமிப்பு பாதியில் VERR_DISK_FULL என்று நின்றுவிடலாம். அப்போது கெஸ்ட்டுக்குள் போய் முறையாக ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

கேள்வி: கெஸ்ட்டை மறுபடி ஓட்டிய பிறகும் Snapshots ஃபோல்டரில் .sav கோப்புகள் கிடக்கின்றன. அழித்துவிடலாமா?

கையால் அழிக்காதீர்கள். சேமித்த நிலையிலிருந்து கெஸ்ட் சரியாக எழுந்தால் அந்தக் கோப்பை விர்ச்சுவல்பாக்ஸே நீக்கிவிடும். மிச்சம் கிடப்பவை அநேகமாக, கெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தபோது, பிறகு திரும்பி வர வசதியாக அப்போதைய நிலையை நீங்கள் பதிந்துவைத்த ஸ்னாப்ஷாட்டுகளுடையவை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ரேம் பிரதியை வைத்துக்கொள்ளும். வேண்டாத ஸ்னாப்ஷாட்டை விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளேயே நீக்குங்கள், கோப்பும் போய்விடும். இடம் முக்கியம் என்றால் ஷட் டவுன் செய்துவிட்டு ஸ்னாப்ஷாட் எடுப்பது நல்லது, அதில்.sav உருவாகாது.

கேள்வி: பேட்டரியில் இருக்கும்போது எது சிக்கனம்?

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சொற்பம். மூன்றாவது ஒன்றுதான் பேட்டரியைத் தின்கிறது: எதுவும் செய்யாத கெஸ்ட்டை ஓடவிட்டு வைப்பது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் எடுத்துக்கொள்ளும் எண்கள் உத்தேசம்தான், உங்கள் மெஷினில் மாறும். பேட்டரி 50 வாட்-மணி. சும்மா இருக்கும் கெஸ்ட் கூடுதலாக 2 வாட் இழுக்கிறது. சும்மா என்று சொன்னாலும் உள்ளே டைமர் துடித்துக்கொண்டிருக்கும், அப்டேட் தேடல் நடக்கும், ஹோஸ்ட்டின் பிராசசரை ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக விடாது. ஒரு மணி நேரத்தில் 2 வாட்-மணி, ஐந்து மணி நேரத்தில் 10. பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு.

சேமிப்பதற்கு அரை நிமிடம், அப்போது கூடுதலாக 10 வாட் என்று வையுங்கள்: 0.1 வாட்-மணிக்கும் குறைவு. திரும்ப எழுப்பவும் ஏறக்குறைய அவ்வளவே. ஷட் டவுன் செய்து பிறகு புதிதாக பூட் ஆக ஒரு நிமிடம், கூடுதலாக 15 வாட் என்றால் 0.25 வாட்-மணி. அதாவது ஒரு முழு பூட்டின் செலவு, கெஸ்ட்டை எட்டு நிமிடம் சும்மா ஓடவிடும் செலவுக்குத்தான் சமம். கால் மணி நேரம் கெஸ்ட் தேவைப்படாது என்று தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டில் எதையாவது செய்யுங்கள். விண்டோஸ் கெஸ்ட் என்றால் சேமிப்பதற்கே என் ஓட்டு: பூட் ஆன பிறகும் சில நிமிடங்கள் அது பின்னணியில் எதையாவது உருட்டிக்கொண்டிருக்கும், அதுவும் செலவுதான்.

ஹோஸ்ட்டில் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் மட்டும் சேமிப்பு சலிப்பூட்டும். நொடிக்கு 100 எம்பி எழுதும் டிஸ்க்கில் 3 ஜிபிக்குக் குறைந்தது 30 நொடி ஆகும்.

கேள்வி: கெஸ்ட் ஓடும்போதே லேப்டாப் மூடியை மூடிவிடுகிறேன். தவறா?

ஹோஸ்ட் ஸ்லீப்பில் இருக்கும்வரை கெஸ்ட்டும் ரேமிலேயே உறங்கும். பேட்டரி முழுவதும் தீர்ந்தால் ரேமில் இருந்தது போய்விடும், கெஸ்ட்டுக்கு அது கரண்ட் கட். பையில் போட்டு எடுத்துப் போவதாக இருந்தால் சேமித்துவிட்டு மூடுங்கள்.

கேள்வி: அப்படியானால் எப்போதுமே சேமித்துக்கொண்டே இருக்கலாமா? ஷட் டவுன் எதற்கு?

சில வேளைகளில் ஷட் டவுன்தான் வழி. கெஸ்ட்டின் ரேமையோ பிராசசர் எண்ணிக்கையையோ மாற்ற வேண்டுமென்றால் சேமித்த நிலையில் முடியாது. விர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்யும் முன்னும், மெஷினை வேறு பிராசசர் உள்ள கணினிக்கு எடுத்துப் போகும் முன்னும் ஷட் டவுன் செய்யுங்கள், பழைய.sav புதிய இடத்தில் திறக்காமல் போகலாம். கெஸ்ட்டுக்குள் கெர்னல் அப்டேட் வந்திருந்தால், வாரக்கணக்கில் சேமித்தும் எழுப்பியும் ஓட்டினால் பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, சேமித்த நிலையில் இருக்கும் கெஸ்ட்டின் டிஸ்க் கோப்பை வேறு கெஸ்ட்டில் இணைத்து எழுதுவது. .sav-க்குள் இருக்கும் கெஸ்ட், டிஸ்க் கடைசியாகப் பார்த்தபடியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். எழுந்ததும் தன் பழைய கணக்கை அதன் மேல் எழுதும், ஃபைல் சிஸ்டம் சிதையும். கோப்புகளை எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் எழுப்பி, ஷட் டவுன் செய்துவிட்டு இணையுங்கள்.

.sav திறக்கவே மறுத்தால் கடைசி வழி இது:

```
VBoxManage discardstate "Ubuntu"
```

டிஸ்க்கில் எழுதப்பட்டவை இருக்கும். ரேமில் மட்டும் இருந்தவை, அதாவது சேமிக்காமல் திறந்து வைத்திருந்த கோப்புகள், போய்விடும். அடுத்த பூட்டில் கெஸ்ட் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கத் தொடங்கினால் குறுக்கிடாமல் முடிக்க விடுங்கள்.