ஃபோர்மேன் இந்தியில் கத்தும்போது

"தோஹாவில் கட்டடத்துக்குச் சாரம் கட்டும் ஸ்கஃபோல்டிங் ஹெல்பர். ஃபோர்மேன் இந்தியில் கத்துகிறார், எதுவும் புரியவில்லை. அறையிலும் பேச ஆளில்லை."

தம்பி, புரியாமல் தலையாட்டுவதை முதலில் நிறுத்துங்கள். உயரத்தில் நிற்கும்போது அது உயிருக்கே ஆபத்து. இப்போதைக்கு நான்கு சொற்கள் போதும்: ருக்கோ என்றால் நில், ஊப்பர் மேலே, நீச்சே கீழே, பக்டோ பிடி. அவர் சொன்னதும் பைப்பைக் கையால் காட்டி, "யே? ஊப்பர்?" (இதுவா? மேலேயா?) என்று திருப்பிக் கேளுங்கள். அவர் "ஹா", அதாவது ஆமாம், என்ற பிறகே கிளாம்ப்பைத் தொடுங்கள். கேட்டால் திட்டுவார் என்று பயப்படாதீர்கள். தவறான கிளாம்ப்பைக் கழற்றினால்தான் பெரிய திட்டு விழும்.

அப்புறம், அறையில் இந்தி தெரிந்த ஒருவரோடு சேர்ந்து சமையுங்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அன்று சைட்டில் புரியாத சொற்களைக் கேட்கலாம். பேச்சுத்துணைக்கும் ஆளாச்சு.